மருமகன் சத்தியெடுத்த சீட்டு

என்ட மருமகன் கோவிச்சிட்டுப் போனார் என்டு கதைச்ச வாய்களுக்கெல்லாம் நான் இண்டைக்கு ஒண்டு செல்லுறன், நல்லாக் கேட்டுக்கங்க. அவர் கோவிக்கல்ல. சோத்துக்கும் கோவிக்கல்ல, சீதனத்துக்கும் கோவிக்கல்ல. வெக்கப்பட்டுப் போனார். வெக்கத்துக்கும் கோவத்துக்கும் வித்தியாசம் தெரியாத சனம் எங்கட சாய்ந்தமருதுல எக்கச்சக்கம். அதுல பாதி என்ட சொந்தக்காரர்.

யுத்தம் முடிஞ்ச வருசம், கச்சான் காத்து சூடா அடிக்கிற மாசம்தான் என்ட மூத்த மகள் ஸுலைஹாவுக்குக் கலியாணம் நடந்திச்சி. மாப்பிள்ளை நிந்தவூர். பேர் ஜவ்பர். கல்முனை பஸாருல றேடியோ, டீவி திருத்துற கடை வெச்சிருந்தார். சத்தம் சலாரில்லாத புள்ள. வாப்பா சின்ன வயசுலயே மௌத்து. உம்மாவச் சுனாமிக் கடல் கொண்டு போயிட்டு. அதுக்குப் பொறகு கூடப்பொறந்த மூத்தவர், நானாட ஊட்டுலதான் இருந்தவர்.

எங்கட பக்கம் மாப்பிள்ளைதான் பொண் ஊட்டுக்கு வந்து குடியிருக்கிற. எங்கட பழைய ஊடும் கடலோட போனதுதான். அதுக்குப் பதிலா வயல் பக்கம் கட்டித் தந்த புது ஊட்டுல முன்னறைய மகளுக்கு ஒதுக்கி, ஆக்கள் வந்து இருக்கிற சாலையில பச்ச நிறத்துல ஒரு சோபா செட்டும் வாங்கிப் போட்டிருந்தன். கவர் வெல்வெட்டு. தொட்டா கை வழுக்கும். வந்த பொம்புளைகள் எல்லாம் ஒருக்காத் தடவிப் பாத்திட்டுத்தான் இருந்தாங்க.

இன்னொண்டும் செல்லணும். மாமிக்காரி மருமகனுக்கு முன்னால வந்து நிக்கிற வழக்கம் எங்களுக்குள்ள இல்ல. புதுசுல சுத்தமா இல்ல. நான் குசினிக்குள்ள நிண்டு ஆக்குவன், மகள் கொண்டு போய் வெப்பா. அவருக்கு மீன் புடிக்குமா இறைச்சி புடிக்குமா என்டு நான் கேக்கிறது மகள்கிட்ட. அவர் பதில் செல்லுறதும் மகள்கிட்ட. கதவுச் சீலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். எனக்கு வாய் நீளம் என்டு ஊருக்கே தெரியும். அப்பிடிப்பட்டவள் ஒரு மனுசன் ஊட்டுக்குள்ள இரிக்கக்க வாயப் பொத்திக்கிட்டு நிக்கிறதென்டா எவ்வளவு கஷ்டம், நீங்களே யோசிச்சிப் பாருங்க.

கலியாணம் முடிஞ்சா புது மாப்பிள்ளைக்கு விருந்து. சொந்தக்காரர் ஒவ்வொருத்தரும் கூப்பிடுவாங்க. போகாட்டிக் குறை. போய்த் திங்காட்டி அதவிடப் பெரிய குறை. அண்டைக்கு ஒரே நாள்ல மூணு ஊடு. காலம்பற என்ட சாச்சி ஊட்டுல இடியப்பமும் ஆட்டுக்கறியும். பகலுக்குச் சம்மாந்துறையில எங்கட ஊட்டுக்காரர்ர தங்கச்சி ஊட்டுல புரியாணி, கோழிப் பொரியல், வட்டிலப்பம். அங்கிருந்து எழும்பி வர, பக்கத்து ஊட்டு மாமி வாசல்ல நிண்டு மறிச்சி, "எங்கட ஊட்டத் தாண்டிப் போறீங்க, ஒரு வாய் திங்காமலா?" என்டு தொதல் இனிப்பும் பாலும் குடுத்திருக்கா. போதும் என்டு செல்ல அந்தப் புள்ளைக்கு வாய் வராது. சோத்துக் கோப்பையில போடப் போடத் திண்டிருக்கார்.

கூட்டிப் போனது என்ட தம்பி அச்சிமுகம்மது. அவன்ட வெள்ளைக் கார அவன் தொடைக்கிற தொடையலப் பாத்தா பொஞ்சாதிக்குப் பொறாமை வரும். உள்ளுக்கு எலுமிச்ச வாசம் அடிக்கிற போத்தல் ஒண்டு வேற தொங்கும். கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தி, ஏசியப் போட்டு, மருமகன முன் சீட்டுல இருத்தி, புது மாப்பிள்ளை பத்திரம் என்டு பெல்ட்டையும் இழுத்துப் போட்டு விட்டிருக்கான். சம்மாந்துறை றோட்டு அப்ப குண்டும் குழியும். மாவடிப்பள்ளி தாண்ட முன்னமே மருமகன்ட முகம் வெளுத்துப் போச்சாம். பின்னுக்கு இருந்த மகள் கண்டிட்டு, "மாமா, கொஞ்சம் நிப்பாட்டுங்களன்" என்டு செல்லப் போக, அவர் கையக் காட்டி வேணாம், வேணாம் என்டிருக்கார். பொஞ்சாதிட மாமாட கார நிப்பாட்டச் செல்ல வெக்கம்! காரைதீவுச் சந்திக்குக் கிட்ட வரக்க நெஞ்ச முட்டிட்டு. கதவத் திறந்து குனியப் பாத்தார், பெல்ட்டு விடல்ல. அவ்வளவுதான். புரியாணி, வட்டிலப்பம், பால் எல்லாம் அச்சிமுகம்மதுட சீட்டுல.

அதோட முடிஞ்சிருந்தாப் பரவால்ல. ஊட்டுக்கு வந்து இறங்கினவருக்குத் திரும்பவும் கொமட்டுது. எங்கட ஊட்டுல பின்வளவுக்குப் போறதென்டா குசினியாலதான் போகணும். குசினிக்குள்ள மாமி நான் நிக்கன். சாலைக்குள்ள பாத்தா மாப்பிள்ளை பாக்க வந்த பொம்புளைகள். அந்தப் புள்ள அங்கயும் போக ஏலாம இங்கயும் நிக்க ஏலாம, கையால வாயப் பொத்திக்கிட்டு சோபாவில குந்தினார். அந்தப் பச்ச வெல்வெட்டு மேலதான் மிச்சம் எல்லாம் வந்திச்சி.

நான் சீலைக்கு இங்கால நிண்டு பாத்துக்கிட்டிருந்தன். ஓடிப் போய் தலையப் புடிச்சி விடணும் என்டு கை துடிச்சிது. வழக்கம் என்டு ஒண்டு இரிக்கே, நிண்டுட்டன். இப்ப நினைச்சாலும் எனக்கு என்னிலேயே ஆத்திரம் வருது.

அடுத்த நாள் விடிய சுபஹு தொழுதிட்டு வெளிக்கிட்டவர் திரும்பி வரல்ல. மகளுக்குப் போன்ல செல்லியிரிக்கார்: "எனக்கு அந்த ஊட்டுக்குள்ள முகம் வெக்க ஏலா ஸுலைஹா. நான் கொஞ்சம் நானாட ஊட்டுல நிக்கன்." மகள் தலகாணிக்குள்ள முகத்த வெச்சிக்கிட்டுக் கிடந்து அழுகிறா. கலியாணச் சோறு செமிக்க முன்னம் மாப்பிள்ளை போயிட்டார் என்டா ஊர் என்ன கதைக்கும்? ஒரு கிழமை தாண்டினா அதுக்குப் பேர் வேற. என்ட புள்ளைட வாழ்க்கை ஒரு வாந்தியில நிக்கிதே, படச்சவனே என்டு தம்பிட்டச் சென்னன்.

"நீ ஒண்டும் யோசியாத ராத்தா," என்டான் அச்சிமுகம்மது. "கார் மணம் போயிட்டென்டா அதே கார்ல போய் ஏத்திக்கிட்டு வந்திருவன். ஒண்டுமே நடக்காத மாதிரி."

அவன் செஞ்ச வேலையக் கேளுங்க. கேத்தல்ல தண்ணியக் கொதிக்க வெச்சி சீட்டுல ஊத்தினானாம். சூட்டோட பால் திரைஞ்சி ஸ்பொஞ்சுக்குள்ள இறங்கி ஒட்டினது போதாதென்டு, தேங்காத் தும்பால போட்டு உரசு உரசென்டு உரசி இன்னும் உள்ளுக்குத் தள்ளியிருக்கான். பொறகு ஆரோ அப்பச்சோடாவும் வினாகிரியும் நல்லதென்டு செல்ல, ரெண்டையும் ஒரே கோப்பையில கலந்தான். அது புசுபுசு என்டு பொங்கிச்சி. "பாத்தியா, வேல செய்யுது!" என்டு சந்தோசம் வேற. பொங்கி முடிஞ்சா அதுல என்ன இரிக்கி? வெறும் உப்புத்தண்ணி. ஒண்டுட புளிப்ப மத்தது திண்டிட்டு. அதுக்கு மேல கலியாணத்துக்கு வாங்கி மிஞ்சின பன்னீர்ப் போத்தல் ரெண்டு, ஒரு சின்னப் போத்தல் அத்தர். கடைசியா சாம்பிராணிச் சட்டிய உள்ளுக்கு வெச்சி கண்ணாடி எல்லாத்தையும் ஏத்தி மூடிட்டான். மையித்து ஊட்டு மணமும் கலியாண ஊட்டு மணமும் புளிச்ச பால் மணமும் ஒண்டாச் சேந்தா எப்பிடி இரிக்கும்? அப்பிடி இருந்திச்சி.

அந்தக் கார்லதான் எங்கட ஊட்டுக்காரரும் அவனும் நிந்தவூருக்குப் போனாங்க. மாமனார் வந்து கூப்பிட்டா மறுக்க ஏலாதே, மருமகன் வந்து ஏறினார். கார் வெயில்ல நிண்டு உள்ளுக்கு அவிஞ்சி போயிருந்திச்சி. ஒண்டும் கதைக்காம மூக்கால மூச்சு விடாம இருந்திருக்கார். காரைதீவு செக்பொயின்ட்டுல ஒரு ஆமிப் பொடியன் மறிச்சி, ஐடி பாக்கத் தலைய உள்ளுக்கு நீட்டினான். நீட்டின வேகத்துல வெளிய எடுத்து, மூக்கப் பொத்திக்கிட்டு, போ போ என்டு கையக் காட்டிட்டான். நாட்டுல யுத்தம் நடந்த காலத்துலயும் எங்கள ஒருத்தரும் இவ்வளவு கெதியா விடல்ல.

எங்கட ஊட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்திட்டுதாம். மருமகன் சிரிக்கல்ல. கொஞ்சத் தூரம் போய், "மாமா, குறை நினைக்காதீங்க" என்டு இறங்கி, ஸலாம் செல்லிட்டு, அக்கரைப்பற்று பஸ்ஸுல ஏறி நிந்தவூருக்குத் திரும்பிப் போயிட்டார்.

அண்டைக்குப் பின்னேரமே ஊர் கதைக்கத் தொடங்கிட்டு. மாப்பிள்ளைய ஏத்தி வந்து நடுவழியில இறக்கி விட்டாங்களாம். சோபா பழசாம், அதுதான் பிரச்சினையாம். ஒருத்தி என்ட வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "என்ன முனவ்வறா, மருமகனக் காணல்ல?" என்டா. "அவர் கடைக்குப் போயிரிக்கார். உங்கட மருமகன் வேலைக்குப் போறல்லதானே, அதால உங்களுக்கு விளங்காது," என்டன். அவள்ட மண்டை உள்ளுக்குப் போயிட்டு.

பொறகு நான் முந்தானைய இறுக்கிச் செருகினன். அஞ்சு புள்ள பெத்து வளத்தவள் நான். காச்சலுக்கும் வயித்தோட்டத்துக்கும் எத்தின மெத்தை கழுவியிருப்பன். "காரக் கொண்டாடா இஞ்ச," என்டன் தம்பிட்ட. "நீ கையே வெக்கப்படா."

சோபாவ நான் சத்தியெடுத்த அண்டைக்கே கரண்டியால வழிச்செடுத்து, பச்சத்தண்ணியில நனைச்ச துவாயால ஒத்தி ஒத்தித்தான் எடுத்திருந்தன். தேய்க்கல்ல. தேய்ச்சா பரவும், உள்ளுக்குப் போகும். அதால கறை நிக்கல்ல. ஆனா அண்டைக்கிருந்த பொம்புளைகள் பன்னீரத் தெளிச்சிட்டுப் போனதால மணம் நிண்டுது. இப்ப ஸிப்பத் திறந்து கவர உரிச்சன். உள்ள ஸ்பொஞ்சுக்கு மூக்க வெச்சிப் பாத்தன். ஓம், அங்கதான் இருந்திச்சி. மேல கழுவிட்டு உள்ள விட்டா எந்தக் காலத்துலயும் போகாது.

கார் சீட்டக் கழட்டணும். அது எனக்குத் தெரியாத வேலை. காரைதீவுல குணம் என்டு ஒரு மனுசன், வாகனங்களுக்குக் குஷன் அடிக்கிறவர். சண்டைக்கு முந்தியும் எங்கட ஆக்கள் அவர்கிட்டதான் போறது. ஆள் அனுப்பினன். சைக்கிள்ல வந்து இறங்கி, கார்க் கதவத் திறந்து, ஒரு நிமிசம் நிண்டார்.

"அக்கா, உள்ள ஆரையும் புதைச்சிட்டீங்களா?" என்டார்.

"வாய மூடிட்டு ஆணியக் கழட்டுங்க குணம்," என்டன். அவரும் சிரிச்சார், நானும் சிரிச்சன். எத்தினையோ நாளைக்குப் பொறகு வந்த சிரிப்பு அது.

சீட்ட வெளிய எடுத்து, கீழ கம்பி வளையங்கள வெட்டி, துணிய உரிச்சித் தந்தார். ரெண்டு ஸ்பொஞ்சையும், சோபாட, கார்ட, கிணத்தடிக்குக் கொண்டு போனன். ஒரு பங்கு வினாகிரிக்கு மூணு பங்கு பச்சத்தண்ணி. பெரிய பேசினுக்குள்ள போட்டு, காலால மிதிச்சன். மிதிச்சா ஊத்தை வெளிய வரும், விட்டா சுத்தத்தண்ணி உள்ள போகும். முதல் தண்ணி மஞ்சளா வந்திச்சி, பன்னீர் வாசத்தோட. அத ஊத்திட்டுத் திரும்ப. திரும்ப. மகள் எழும்பி வந்து வாசல்ல நிண்டு பாத்தா. கண் வீங்கிப் போய் இருந்திச்சி.

"உம்மா, நான் மிதிக்கட்டா?"

"வா கிளி. பாவாடையத் தூக்கிச் செருகு. வழுக்கிடாத."

நாங்க ரெண்டு பேரும் தோளப் புடிச்சிக்கிட்டு மிதிச்சம். கொஞ்சத்தால மகள், "உம்மா, அவர் அழுதவர்," என்டா. "சத்தியெடுத்த அண்டைக்கு இரவு. வயித்து நோவு என்டு நான் நினைச்சன். அது இல்ல உம்மா." அதுக்கு மேல அவளுக்கும் ஒண்டும் தெரியாது. நான் இன்னும் பலமா மிதிச்சன்.

தண்ணி தெளிவா வந்த பொறகு வெறும் தண்ணியில அலசி, புழிஞ்சி, வேலியோரம் நிமித்தி வெச்சன். கச்சான் காத்துக்கு ஸ்பொஞ்சு மொறுமொறுன்டு காஞ்சி வந்திச்சி. ஈரத்தோட திரும்பப் போட்டா அது வேற நாத்தம். துணிகள வினாகிரித் தண்ணியால ஒத்தி, சவுக்காரத் தண்ணியில அலசிக் காய வெச்சி, நல்லாக் காஞ்ச பொறகுதான் அப்பச்சோடாவத் தூவினன். வினாகிரி ஒரு நாள், சோடா மறு நாள். ரெண்டும் சந்திக்கப்படா. ஒரு இரவு கிடக்க விட்டு, காலம்பற தட்டி உதறினன். மூக்க வெச்சிப் பாத்தா துணி மணம்தான் இருந்திச்சி, வேற ஒண்டுமில்ல.

குணம் வந்து சீட்டப் பூட்டினார். முடிஞ்சிது என்டு நினைச்சி, கண்ணாடிய ஏத்தி வெயில்ல விட்டுட்டு, பகல் லுஹரு தொழுத பொறகு போய்த் திறந்தன். யா அல்லாஹ்! குறைவுதான், ஆனா அதே புளிச்ச மணம்.

அழுகை வந்திட்டு எனக்கு. கார்க்குள்ள ஏறி முன் சீட்டுல குந்தி, கதவ மூடிக்கிட்டு மணத்திப் பாத்தன். சீட்டு இல்ல. கீழ விரிப்பு இல்ல, அதையும் தூக்கிக் கழுவினதுதான். கதவு இல்ல. அப்ப இந்தப் பெல்ட்டப் புடிச்சி இழுத்தன். இழுக்க இழுக்க மணம் வந்திச்சி. அண்டைக்கு மருமகன் மேல போட்டிருந்த பெல்ட்டு! நனைஞ்சபடியே சுருண்டு கதவோரத் தூணுக்குள்ள போய் இருந்து, அங்கயே புளிச்சிக்கிட்டிருந்திரிக்கி. நாங்க சீட்ட மிதிச்சிக்கிட்டிருக்கிறம்.

"குணம்! இஞ்ச வாங்க!" என்டு நான் போட்ட சத்தத்துல பகல் சோத்தத் திண்டிட்டு வெளிக்கிட நிண்ட மனுசன் சைக்கிள் சாவியக் கீழ போட்டுட்டார்.

"அட," என்டார் அவர். "இத நானும் யோசிக்கல்ல அக்கா. இதுக்கு வினாகிரி வேணாம், நூல் பழுதாப் போனா உசிருக்கு ஆபத்து. லேசான சவுக்காரத் தண்ணி மட்டும்." கடைசி மட்டும் இழுத்து, திரும்பி உள்ள போகாம உடுப்புக் கிளிப் ஒண்டு போட்டு நிப்பாட்டினார். நான் துணியால தொடைச்சித் தொடைச்சி எடுத்தன். தண்ணி மஞ்சளா வந்திச்சி. சுத்தத் தண்ணியாலயும் தொடைச்சி, காத்துல முழுசாக் காயுமட்டும் கிளிப்பக் கழட்டல்ல.

அடுத்த நாள் பகல் திரும்பவும் மூடி வெச்சித் திறந்தன். சூடு அடிச்சிது. வேற ஒண்டும் அடிக்கல்ல. அச்சிமுகம்மது எலுமிச்சப் போத்தலத் தொங்க விட வந்தான். அத வாங்கிக் குப்பையில போட்டன். வாசம் அடிக்கிற சாமான்தான் அந்தப் புள்ளைக்கு இன்னும் கூடப் பெரட்டுறது, இந்த மடையனுக்கு அது விளங்கல்ல.

"சரி, நான் போய்க் கூட்டிட்டு வாறன்," என்டான்.

"நீ ஓட்டு. நான் வாறன்."

எங்கட ஊட்டுக்காரர் படிச்சிக்கிட்டிருந்த பேப்பரக் கீழ வெச்சார். "நீயா? மருமகன்ட ஊட்டுக்கா? ஆக்கள் என்ன செல்லுவாங்க முனவ்வறா?"

"செல்லட்டும். நான் அண்டைக்குக் குசினிக்குள்ள ஒளியாம இருந்தா அந்தப் புள்ள பின்வளவுக்கு ஓடியிரிக்கும். ஓடிப் போய்த் தாங்காம நிண்டது நான், பிழை அவர்ல இல்ல." மனுசன் திரும்பப் பேப்பர எடுத்திட்டார். அது அவர் சரி என்டு செல்லுற விதம்.

முன் சீட்டுல நான் குந்திக்கிட்டன். அந்தப் பெல்ட்டையே போட்டுக்கிட்டன். செக்பொயின்ட்டுல அதே பொடியன் தலைய நீட்டினான். இந்த முறை எடுக்கல்ல. ஐடி எல்லாத்தையும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பாத்தான். அப்பாடா என்டிருந்திச்சி எனக்கு.

நிந்தவூர்ல அவர்ர நானாட பொஞ்சாதி மரியாதையாத்தான் வரவேத்தா. "இருங்க மாமி, பிளேன்டீ ஊத்துறன்," என்டு உள்ளுக்குப் போனா. மருமகன் அறைக்குள்ளருந்து வந்தார். என்னக் கண்டு திரும்பிப் போகப் பாத்தார்.

"நில்லுங்க மகன்," என்டன்.

அதுதான் நான் அவரோட நேர கதைச்ச முதல் கதை. நிண்டார். கண்ணத் தூக்கல்ல. ஆள் மெலிஞ்சிருந்தார். அறைக் கதவு திறந்து கெடந்திச்சி. உள்ள கட்டில் இரிக்கி, மெத்தை இல்ல. சிமெந்துத் தரையில ஒரு பாய்.

"ஏன் மகன் தரையில படுக்கிறீங்க?"

அவர் குசினிப் பக்கம் ஒருக்காப் பாத்தார். பொறகு மெல்லமாச் சென்னார். "அகதி முகாமிலருந்து இஞ்ச வந்த புதுசுல, ஒரு காச்சலுக்கு மெத்தையில சத்தியெடுத்திட்டன் மாமி. ஒருக்கா இல்ல, ரெண்டு மூணு தரம். மணம் போகல்ல. மெத்தையத் தூக்கி றோட்டோரம் போட்டு மண்ணெண்ண ஊத்தி எரிச்சாங்க. தெருவே பாத்துக்கிட்டு நிண்டுது. அவங்கள குறை செல்ல ஏலா, புதுசா வாங்கின மெத்தை. அதுக்குப் பொறகு எனக்கு மெத்தை வேணாம் என்டு சென்னன்." பொறகு கேட்டார், "சோபாவ எங்க மாமி போட்டீங்க?"

நான் ஒரு எட்டு கிட்டப் போனன்.

"எங்கயும் போடல்ல," என்டன். "அதே இடத்துலதான் இரிக்கி. நானும் ஸுலைஹாவும் மிதிச்சிக் கழுவினம். காரையும் கழுவினம். பெல்ட்டுக்குள்ள ஒளிச்சிருந்த மணத்தையும் புடிச்சிட்டம். நான் அந்த சீட்டுலதான் குந்தி வந்திரிக்கன், வேணுமென்டா என்ட சாரிய மணத்திப் பாருங்க."

அவர் சிரிக்கப் பாத்தார். வாய் கோணிக்கிட்டுப் போய் அழுகையா வந்திச்சி. "உம்மா இருந்தா கழுவியிருப்பா மாமி," என்டார்.

"ஓம் மகன். கழுவியிருப்பா."

"முழுசாப் போயிட்டா மாமி? மணம்?"

பொய் செல்லலாம்தான். ஆனா இந்தப் புள்ளைக்கிட்ட பொய் செல்ல எனக்கு ஏலா. "இப்ப இல்ல. மாரி மழைக்கு ஈரம் புடிச்சா கொஞ்சம் எழும்பும், எழும்பாமலும் விடும். எழும்பினா என்ன? திரும்பக் கழுவுறது. நீங்க திரும்பச் சத்தியெடுத்தாலும் திரும்பக் கழுவுறது. உங்கட ஊடு மகன் அது."

அவர் அறைக்குள்ள போனார். நான் கதவப் பாத்துக்கிட்டு நிக்கன். குசினிக்குள்ள கோப்பை தட்டுப்படுற சத்தம் கேக்கிது. கொஞ்சத்தால உடுப்புப் பையோட வந்தார். நானாட பொஞ்சாதி தந்த பிளேன்டீய நாங்க ரெண்டு பேரும் ஒரே வாங்குப் பலகையில இருந்து குடிச்சம். அத ஊர்ல செல்லி ஆரும் நம்பல்ல.

கார்ல அவர முன்னுக்கு இருத்திட்டு நான் பின்னுக்கு ஏறினன். கண்ணாடி எல்லாத்தையும் இறக்கி விடச் சென்னன். கடல் பக்கத்துக் காத்து உள்ளுக்கு வந்திச்சி. அச்சிமுகம்மது பழக்கத்துல காரப் பறத்த வெளிக்கிட்டான். நிந்தவூர் தாண்ட முன்னமே மருமகன்ட கழுத்து வேர்க்கிறது எனக்குப் பின்னாலருந்து தெரிஞ்சிது. அவரே கேக்கட்டும் என்டு நான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தன்.

"மாமா," என்டார் மருமகன். "கொஞ்சம் நிப்பாட்டுங்க. எனக்குப் பெரட்டுது."

தம்பி ஓரங்கட்டினான். அவர் தானே பெல்ட்டக் கழட்டி, இறங்கி, வயல் கட்டுல போய்க் குனிஞ்சார். நானும் ஓடிப் போய் அவர்ர நெத்திய என்ட உள்ளங்கையால தாங்கிப் புடிச்சன். றோட்டால போன பஸ்ஸுலருந்து எங்கட ஊர்ச் சனம் எட்டி எட்டிப் பாத்திச்சி. பாக்கட்டும் என்டு நான் புடிச்ச கைய விடல்ல.